பாசிட்டிவ் அரிதாக இருக்கும்போது ஆர்ஓசி வளைவா, பிஆர் வளைவா: படிப்படியான வழிகாட்டி

ஆர்ஓசி வளைவின் கீழுள்ள பரப்பு, அதாவது ஏயூசி, 0.96 வந்த மாடலை நம்பி வேலைக்கு விடுகிறோம். ஒரு வாரத்தில், எச்சரிக்கைகளைச் சரிபார்க்கும் குழுவிடமிருந்து “நீங்கள் அனுப்புகிற பத்தில் எட்டு வீண்” என்று செய்தி வருகிறது. கோடிங்கில் பிழை தேடுகிறோம், கிடைப்பதில்லை. ஏனென்றால் பிழை அங்கே இல்லை. 0.96 சரியான எண்தான். அது வேறு கேள்விக்கான விடை.

இந்த நிலையில் புதியவர்கள் பலர் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு வரையறைகள் தெரியும். தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். ஆகவே செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றே: மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்கும் இரண்டு மாடல்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் இவற்றின் போக்கு உண்மை டேட்டாவில் அடிக்கடி காண்பதுதான்.

## 1. முதலில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்

வளைவு வரையும் கட்டளையைத் தட்டுவதற்கு முன் இந்த மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

முதலாவது, டெஸ்ட் டேட்டாவில் எத்தனை பாசிட்டிவ் என்பது. சதவீதம் அல்ல, எண்ணிக்கை. நம் எடுத்துக்காட்டில் பத்து நாள் டேட்டா: 1,00,000 பரிவர்த்தனை, அதில் 200 மோசடி, மீதி 99,800 நல்லவை.

இரண்டாவது, மாடல் உண்மையில் ஓடப்போகும் இடத்தில் பாசிட்டிவ் விகிதம் என்ன என்பது. இங்கே 0.2 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு இரண்டு. டெஸ்ட் டேட்டாவின் விகிதமும் இதுவும் ஒன்றாக இல்லை என்றால் அடுத்த படியில் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் கேட்காமல் விடுகிறார்கள்: மாடல் எழுப்பும் எச்சரிக்கைகளில் எத்தனையை மனிதர்கள் பார்க்க முடியும்? நம் குழு ஒரு நாளைக்கு 50 பார்க்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளைக்கு 500. எந்த மாடலை எடுப்பது என்று கடைசியில் தீர்மானிக்கப்போவது இந்த எண்தான். வளைவை வரைந்த பிறகு போய்க் கேட்டால், நமக்குப் பிடித்த மாடலுக்கு ஏற்றபடி விடையை வளைக்கும் ஆசை வந்துவிடும். அதனால் முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

## 2. டெஸ்ட் டேட்டாவின் விகிதத்தைச் சரிபாருங்கள்

பாசிட்டிவ் அரிது என்பதால் பயிற்சிக்கு நெகட்டிவ்களைக் குறைத்து எடுப்பது வழக்கம். அதில் தவறில்லை. அந்தக் குறைப்பு டெஸ்ட் டேட்டாவுக்கும் நழுவி வந்துவிடும்போதுதான் சிக்கல். பயிற்சி, டெஸ்ட் என்று பிரிப்பதற்கு முன்பே குறைத்திருந்தால் அப்படித்தான் ஆகும்.

இது ஏன் முக்கியம் என்பதை எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒரு மாடல் 200 மோசடியில் 120-ஐப் பிடிக்கிறது, கூடவே 100 வீண் எச்சரிக்கை தருகிறது. பிரிசிஷன் என்பது எழுப்பிய எச்சரிக்கைகளில் உண்மையானவற்றின் பங்கு: 220-க்கு 120, அதாவது 54.5 சதவீதம். இன்னொரு மாடல் அதே 120-ஐப் பிடிக்க 500 வீண் எச்சரிக்கை தருகிறது. 620-க்கு 120, அதாவது 19.4 சதவீதம். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி.

இப்போது நெகட்டிவ்களில் ஐம்பதுக்கு ஒன்றை மட்டும் டெஸ்டில் வையுங்கள். முதல் மாடலின் 100 வீண் எச்சரிக்கை 2 ஆகிவிடும், இரண்டாவதின் 500 என்பது 10 ஆகிவிடும். பிரிசிஷன் 98.4, 92.3 என்று மாறும். இரண்டுமே அருமையான மாடல்களாகத் தோன்றும். மாடல்கள் மாறவில்லை, எதிரே நின்ற கூட்டம்தான் மெலிந்துவிட்டது.

ஆர்ஓசி வளைவு இந்தக் குறைப்பால் மாறாது. அதன் இரண்டு அச்சுகளும் தனித்தனிக் கூட்டத்துக்குள் எச்சரிக்கை ஆனவற்றின் விகிதங்கள்: நின்ற அச்சு பாசிட்டிவ்களுக்குள், படுத்த அச்சு நெகட்டிவ்களுக்குள். நெகட்டிவ்களைப் பாகுபாடில்லாமல் குறைத்தால் விகிதம் அப்படியே இருக்கும். பிஆர் என்பது பிரிசிஷன்-ரீகால் வளைவு. அதில் பிரிசிஷன் இரண்டு கூட்டத்தையும் ஒரே பின்னத்தில் கலப்பதால், கூட்டங்களின் அளவு மாறினால் அதுவும் மாறும். இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

குறைக்காத டெஸ்ட் டேட்டா கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால், எத்தனைக்கு ஒன்று எடுத்தார்கள் என்று தெரிந்தாலே போதும், எடை கொடுத்துச் சரிசெய்யலாம். `s` என்பது மாடல் தரும் ஸ்கோர்:

```python
w = np.where(y_test == 1, 1, 50)
average_precision_score(y_test, s, sample_weight=w)
```

நெகட்டிவ்களைச் சீராகக் குறைத்திருந்தால் மட்டுமே இது செல்லும். “சந்தேகமே இல்லாத நல்ல பரிவர்த்தனைகளை மட்டும் நீக்கினோம்” என்று யாராவது சொன்னால் அந்த டேட்டாவை எந்த எடையாலும் மீட்க முடியாது. ஆர்ஓசியும்கூட அங்கே கெட்டுப்போயிருக்கும்.

## 3. ஸ்கோரை எடுங்கள், முடிவை எடுக்காதீர்கள்

வளைவு என்பது வெட்டுப்புள்ளியை மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே போனால் என்ன ஆகிறது என்ற பதிவு. அதற்கு மாடலின் ஸ்கோர் வேண்டும். `predict` கொடுப்பது 0 அல்லது 1 என்ற முடிவு. அதைக் கொடுத்தால் நகர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது.

```python
s = model.predict_proba(X_test)[:, 1]
p, r, t = precision_recall_curve(y_test, s)
print(y_test.mean())
print(roc_auc_score(y_test, s))
print(average_precision_score(y_test, s))
```

இந்தத் தவறைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆர்ஓசி ஒரே ஒரு முனையில் உடைந்த இரண்டு நேர்க்கோடுகளாக வந்தால், கொடுத்தது ஸ்கோர் அல்ல. `[:, 1]` என்பதை `[:, 0]` என்று எழுதிவிட்டால் ஏயூசி 0.5-க்குக் கீழே தலைகீழாக வரும். இந்தத் தவறு தானே காட்டிக்கொடுத்துவிடும், கவலையில்லை.

இன்னொரு சின்ன விஷயம். `precision_recall_curve` தரும் `p`, `r` இரண்டும் `t`-யைவிட ஓர் எண் நீளமாக இருக்கும். கடைசியில் பிரிசிஷன் 1, ரீகால் 0 என்ற ஒரு புள்ளியை அந்த ஃபங்ஷனே சேர்க்கிறது. அது டேட்டாவிலிருந்து வந்ததல்ல. வளைவின் இடது ஓரம் எப்போதும் 1-ல் போய் முட்டுவதற்குக் காரணம் இதுதான். “உச்சியில் நம் மாடல் நூறு சதவீதம்” என்று அதைக் காட்டிப் பேசிவிடாதீர்கள்.

## 4. வளைவுக்கு முன் எண்ணிக்கை அட்டவணை

இந்தப் படியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. விகிதங்கள் கண்ணை ஏமாற்றும். தலைகளை எண்ணினால் ஏமாற வழியில்லை. ஸ்கோர் அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு ரீகால் நிலையிலும் எத்தனை பிடிபட்டது, எத்தனை வீண் என்று எழுதுங்கள். (ரீகால் என்பது மொத்த மோசடிகளில் நாம் பிடித்த பங்கு.)

| பிடித்த மோசடி | மாடல் அ: வீண் எச்சரிக்கை | அ: பிரிசிஷன் | மாடல் ஆ: வீண் எச்சரிக்கை | ஆ: பிரிசிஷன் |
|---|---|---|---|---|
| 40 (20%) | 10 | 80% | 60 | 40% |
| 80 (40%) | 40 | 66.7% | 240 | 25% |
| 120 (60%) | 100 | 54.5% | 500 | 19.4% |
| 160 (80%) | 4,000 | 3.8% | 1,840 | 8% |
| 190 (95%) | 25,000 | 0.8% | 7,000 | 2.6% |

இரண்டு மாடலின் குணமும் இதிலேயே தெரிகிறது. அ, தெளிவான மோசடிகளை நேர்த்தியாகப் பொறுக்கி எடுக்கிறது. 120-ஐத் தாண்டியதும் அதற்குக் கண் தெரியவில்லை. ஆ தொடக்கத்தில் நிறைய வீண் எச்சரிக்கை தருகிறது, ஆனால் ஒளிந்திருக்கும் மோசடிகள்வரை ஓரளவு சீராகப் போகிறது.

அட்டவணையின் கடைசி வரியை ஒருமுறை வேலைக்கணக்காக மாற்றிப் பாருங்கள். 190 மோசடியைப் பிடிக்க ஆ மாடலில் 7,190 எச்சரிக்கைகளைத் திறக்க வேண்டும். நாளைக்கு 50 பார்க்கும் குழுவுக்கு அது 144 நாள் வேலை. நம்மிடம் இருப்பதோ பத்து நாள்.

## 5. ஆர்ஓசி வரைந்து, பரப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மேலேயுள்ள ஐந்து புள்ளிகளையும் வளைவின் இரண்டு முனைகளையும் மட்டும் நேர்க்கோட்டால் இணைத்துப் பரப்பைக் கணக்கிட்டால், அ மாடலின் ஆர்ஓசி ஏயூசி 0.943, ஆ மாடலுடையது 0.963. இந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் யோசிக்காமல் ஆ-வைத் தேர்ந்தெடுப்பார்.

அந்த 0.963 எங்கிருந்து வந்தது? ஆர்ஓசியின் படுத்த அச்சு, மொத்த நெகட்டிவ்களில் வீண் எச்சரிக்கை ஆனவற்றின் பங்கு. ஆ மாடலில் 7,000 வீண் எச்சரிக்கை என்பது அந்த அச்சில் 0.07. பரப்பைத் துண்டுதுண்டாகக் கூட்டினால் 0.07-க்கு வலப்பக்கம் மட்டும் 0.907 வருகிறது. அதாவது மொத்தப் பரப்பில் சுமார் 94 சதவீதம், ஏழாயிரத்துக்கு மேல் எச்சரிக்கை எழுப்பினால் என்ன நடக்கும் என்ற கதை. அங்கே யாரும் போகப்போவதில்லை.

நாம் போகப்போகும் இடம் எவ்வளவு சிறியது தெரியுமா? படத்தின் அகலம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வீண் எச்சரிக்கை, இடது ஓரத்திலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கும். 500 வீண் எச்சரிக்கை 0.5 மில்லிமீட்டரில். பிரிசிஷன் 54.5-ஆ, 19.4-ஆ என்ற அவ்வளவு பெரிய வேறுபாடும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. வரைந்த கோட்டின் தடிமனே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

ஆர்ஓசி பொய் சொல்கிறது என்று சிலர் இதை எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ஏதாவது ஒரு மோசடியையும் ஏதாவது ஒரு நல்ல பரிவர்த்தனையையும் கண்ணை மூடி எடுத்தால், மோசடிக்கு அதிக ஸ்கோர் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? அதற்கான விடைதான் ஆர்ஓசி ஏயூசி. அந்தக் கேள்விக்கு ஆ உண்மையிலேயே மேலானது. ஆனால் குழு பார்க்கப்போவது வரிசையின் உச்சியில் உள்ள 500-ஐ மட்டும். நடுவிலும் அடியிலும் உள்ள பல்லாயிரம் நல்ல பரிவர்த்தனைகள் சரியாக அடுக்கப்பட்டுள்ளனவா என்பது அவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

அதனால் ஆர்ஓசியை வரைவதாக இருந்தால் கூடவே படுத்த அச்சை 0 முதல் 0.01 வரை மட்டும் காட்டும் இன்னொரு படமும் வரையுங்கள். முழுப் படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த கோடுகள் அங்கே பிரிந்து நிற்கும். இந்த வழியில் ஆர்ஓசியும் உண்மையைக் காட்டும். கண்ணாடியை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## 6. பிஆர் வளைவை வரையுங்கள், அடிக்கோட்டோடு

பிஆர் வளைவில் படுத்த அச்சு ரீகால், நின்ற அச்சு பிரிசிஷன். எச்சரிக்கை எழாத நெகட்டிவ்களின் பெருங்கூட்டம் இந்த இரண்டு எண்ணிலும் வருவதில்லை. அதனால் உச்சியில் நடப்பது படம் முழுக்க விரிந்து தெரிகிறது.

முதலில் அடிக்கோட்டைப் போடுங்கள். ஆர்ஓசியில் குருட்டாம்போக்கான மாடலின் பரப்பு 0.5. பிஆரில் அது பாசிட்டிவ் விகிதமேதான், இங்கே 0.002. இந்தக் கோடு இல்லாமல் படத்தைக் காட்டினால், பிஆர் பரப்பான சராசரி பிரிசிஷன் 0.41 என்பதைப் பார்த்து “பாதிகூட வரவில்லையே” என்று நல்ல மாடலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்படி எறியப்பட்ட மாடல் ஒன்றை நானே மீட்டிருக்கிறேன். 0.5-ஐ மனதில் வைத்து பிஆர் எண்ணைப் படித்திருந்தார்கள்.

நம் ஐந்து புள்ளிகளை வைத்துப் படிக்கட்டு முறையில் கணக்கிட்டால் சராசரி பிரிசிஷன் அ-வுக்கு 0.41, ஆ-வுக்கு 0.19. ஆர்ஓசி சொன்னதற்கு நேர் எதிர்.

இரண்டு வளைவும் எதிரெதிராகப் பேச முடியும் என்பதே சிலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு மாடல் ஆர்ஓசியில் எல்லா இடத்திலும் மற்றதற்கு மேலே இருந்தால், அதே டேட்டாவில் பிஆரிலும் எல்லா இடத்திலும் மேலேதான் இருக்கும். 2006-ல் டேவிஸும் கோட்ரிச்சும் இதை நிறுவினார்கள். ஆகவே இரண்டு பரப்புகளும் முரண்பட்டால், வளைவுகள் எங்கோ ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பொருள். நம் அட்டவணையில் அது 120-க்கும் 160-க்கும் நடுவில் நடக்கிறது. முரண்பாட்டைக் கண்டால் எந்த அளவுகோல் சரி என்று வாதாடுவதைவிட, வெட்டும் இடத்தைத் தேடுவது பயனுள்ள வேலை.

புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்காதீர்கள். ஆர்ஓசியில் அப்படி இணைக்கலாம், பிஆரில் கூடாது. அ மாடலில் 120-க்கும் 160-க்கும் நடுவே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிசிஷன் 54.5-லிருந்து 3.8-க்கு இறங்குகிறது. நேர்க்கோடு போட்டால் 140 மோசடியில் பிரிசிஷன் 29 சதவீதம் என்று படம் சொல்லும். தலைகளை எண்ணுங்கள்: 120-லிருந்து 160-க்குப் போக 3,900 வீண் எச்சரிக்கை கூடியது. பாதி வழியில் 1,950 கூடியிருக்கும். 140 மோசடிக்கு 2,050 வீண் எச்சரிக்கை. பிரிசிஷன் 6.4 சதவீதம்தான். இருபத்தொன்பது எங்கே, ஆறு எங்கே!

ஒவ்வொரு ஸ்கோரும் தனித்தனியாக இருக்கும் மாடலில் புள்ளிகள் நெருக்கமாக விழும், இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. சில இலைகளே உள்ள முடிவுமரம், பத்துப் பதினைந்து மதிப்பெண் மட்டும் தரும் விதிமுறை ஸ்கோர் போன்றவற்றில் பல்லாயிரம் வரிசைகள் ஒரே ஸ்கோரில் குவியும். அங்கேதான் இது கடிக்கும். `auc(r, p)` நேர்க்கோட்டு முறையைப் பயன்படுத்துகிறது, அதனால் எண்ணை உயர்த்திக் காட்டும். `average_precision_score` படிக்கட்டு முறை. இதையே பயன்படுத்துங்கள். படம் வரையும்போதும் `drawstyle="steps-post"` கொடுங்கள்.

## 7. கொள்ளளவைப் படத்தின் மேல் வையுங்கள்

பிஆர் அ-வைக் கைகாட்டியதும் வேலை முடிந்தது என்று நிறுத்துவதுதான் இரண்டாம் நிலைத் தவறு. சராசரி பிரிசிஷனும் ஒரு பரப்புதானே. அதுவும் நாம் போகாத இடங்களைக் கூட்டிச் சேர்க்கிறது. முதல் படியில் எழுதிய 500-ஐ இப்போது எடுங்கள்.

500 எச்சரிக்கையில் எத்தனை மோசடி பிடிபடும்? அ மாடல் 220 எச்சரிக்கையிலேயே 120-ஐப் பிடித்துவிட்டது. மீதமுள்ள 280-இல் இன்னும் மூன்று கிடைக்கும், ஆக ஏறத்தாழ 123. ஆ மாடல் 320 எச்சரிக்கையில் 80, 620-ல் 120. நடுவே 500-க்கு ஏறத்தாழ 104. ஆகவே அ.

குழு நாளைக்கு 200 பார்க்கும் என்றால்? பத்து நாளைக்கு 2,000. அப்போது ஆ மாடல் 160-ஐப் பிடிக்கிறது. அ மாடல் 2,000 எச்சரிக்கையில் ஏறத்தாழ 138-இல் நிற்கிறது. அதே டேட்டா, அதே பிஆர் வளைவு, விடை மட்டும் ஆ.

புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பாசிட்டிவ் அரிது என்றால் பிஆர் என்று மனப்பாடம் செய்தால் பாதிதான் வந்திருக்கிறோம். பிஆர் வளைவு, முடிவு எடுக்கவேண்டிய இடத்தைத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது. எங்கே நிற்பது என்பதைச் சொல்வது கொள்ளளவு.

உண்மை டேட்டாவில் இதைக் கணக்கிட இரண்டே வரி போதும்:

```python
o = np.argsort(-s, kind="stable")
print(y_test[o][:500].sum())
```

(`y_test` இங்கே நம்பை அரே ஆக இருக்க வேண்டும். பாண்டாஸ் சீரீஸ் என்றால் இண்டெக்ஸ் குழப்பும்.) பத்து நாளையும் சேர்த்து உச்சி 500-ஐ எடுப்பதும், நாள்தோறும் உச்சி 50-ஐ எடுப்பதும் ஒன்றல்ல. மோசடி ஒரே நாளில் குவிந்தால் இரண்டாவது முறையில் சில கைநழுவும். குழு எப்படி வேலை செய்கிறதோ அதே போல நாள்வாரியாகப் பிரித்து எண்ணுவது நல்லது.

வெட்டுப்புள்ளியைத் தேர்ந்தெடுப்பது சரிபார்ப்பு டேட்டாவில் நடக்கட்டும், டெஸ்டில் அல்ல. டெஸ்ட் வளைவிலேயே அழகான இடத்தைப் பார்த்து வெட்டினால், அங்கே தற்செயலாக உயர்ந்திருந்த மேட்டையும் சேர்த்து வாக்குறுதி கொடுத்துவிடுவோம். வேலைக்கு விட்டதும் அந்த மேடு இருக்காது.

## 8. எவ்வளவு ஆடும் என்று அளவிடுங்கள்

டேட்டா ஒரு லட்சம் வரிசை என்றதும் எண்கள் உறுதியானவை என்று தோன்றும். ரீகாலைப் பொறுத்தவரை நம்மிடம் இருப்பது 200 வரிசைதான். 200-இல் 60 சதவீத ரீகாலுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, சுமார் 53 முதல் 67 வரை. பாசிட்டிவ் 40 மட்டும் என்றால் 45 முதல் 75 வரை போகும். அந்த நிலையில் இரண்டு மாடலுக்கு இடையே ஐந்து புள்ளி வேறுபாட்டைப் பேசுவதில் பொருளே இல்லை.

பிஆர் வளைவின் இடது ஓரம் இதைவிட மோசமாக ஆடும். வரிசையில் முதல் ஐந்து எச்சரிக்கையில் ஒன்று இடம் மாறினாலே பிரிசிஷன் இருபது புள்ளி நகரும். பல்லு பல்லாக இருக்கும் அந்தப் பகுதியை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

இரண்டு மாடலை ஒப்பிடும்போது, தனித்தனி இடைவெளியைவிட வேறுபாட்டின் இடைவெளியைக் கணக்கிடுங்கள். டெஸ்ட் வரிசைகளிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து ஆயிரம் சுற்று கணக்கிடுவதே வழி. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மாடலுக்கும் அதே வரிசைகளைக் கொடுப்பது முக்கியம். கீழே `y` என்பது `y_test`; `sa`, `sb` என்பவை அ, ஆ மாடல்களின் ஸ்கோர்:

```python
rng = np.random.default_rng(7)
pos, neg = np.where(y == 1)[0], np.where(y == 0)[0]
d = []
for _ in range(1000):
    i = np.r_[rng.choice(pos, len(pos)), rng.choice(neg, len(neg))]
    d.append(average_precision_score(y[i], sa[i])
             - average_precision_score(y[i], sb[i]))
print(np.percentile(d, [2.5, 97.5]))
```

இடைவெளி பூஜ்யத்தைத் தாண்டி இரு பக்கமும் விழுந்தால், இந்த டேட்டாவால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று எழுதுங்கள். ஒரே ஆள் ஐந்தாறு மோசடி செய்திருக்கும் டேட்டாவில் வரிசைகளைக் குலுக்கி எடுக்காமல் ஆட்களைக் குலுக்கி எடுக்க வேண்டும். இல்லையென்றால் இடைவெளி உண்மையைவிடக் குறுகலாக வரும்.

## 9. மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது ஆர்ஓசிக்குத் திரும்புங்கள்

மாடல் வேலைக்குப் போனபின் வேறு கேள்வி எழும்: “பிரிசிஷன் குறைந்துவிட்டது, மாடல் கெட்டுப்போனதா?”

அ மாடலை 60 சதவீத ரீகாலில் நிறுத்தியிருக்கிறோம். வீண் எச்சரிக்கை நெகட்டிவ்களில் ஆயிரத்துக்கு ஒன்று. மோசடி விகிதம் 0.2 சதவீதமாக இருந்தபோது பிரிசிஷன் 54.5. அடுத்த மாதம் மோசடியே பாதியாகக் குறைந்து 0.1 சதவீதம் ஆனால், மாடல் துளியும் மாறாமலே பிரிசிஷன் 37.5-க்கு இறங்கும். கணக்கு இதோ, π என்பது பாசிட்டிவ் விகிதம், TPR என்பது ரீகால், FPR என்பது நெகட்டிவ்களில் வீண் எச்சரிக்கை விகிதம்:

```
precision = π·TPR / (π·TPR + (1−π)·FPR)
```

ஆகவே பாசிட்டிவ் விகிதம் வேறுபடும் இரண்டு மாதங்களின் சராசரி பிரிசிஷனை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இரண்டு ஊர், இரண்டு கிளை, இரண்டு வாடிக்கையாளர் வகை என்று எதை ஒப்பிட்டாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். இங்கே ஆர்ஓசிதான் கைகொடுக்கும். அதே வெட்டுப்புள்ளியில் ரீகாலும் வீண் எச்சரிக்கை விகிதமும் மாறவில்லை என்றால், மாறியது மோசடியின் அளவுதான், மாடல் அல்ல. பயிற்சியை மறுபடி தொடங்கும் முன் இதைப் பார்த்தால் பல நாள் வேலை மிச்சமாகும்.

வேறு விகிதத்துக்குப் பிரிசிஷன் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் இதே சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். ஒரு நிபந்தனை உண்டு: மோசடிகளின் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்க வேண்டும், தன்மை மாறியிருக்கக் கூடாது.

## 10. உச்சியில் உள்ள வீண் எச்சரிக்கைகளைக் கையால் திறந்து பாருங்கள்

இது கடைசிப் படி. அறிக்கை அனுப்பும் முன் செய்யுங்கள்.

பாசிட்டிவ் அரிதாக இருக்கும் டேட்டாவில் “நெகட்டிவ்” என்று குறித்தவை எல்லாம் நெகட்டிவ் அல்ல. சில மோசடிகளைப் பற்றிப் புகார் வர வாரக்கணக்கில் ஆகும், சில புகாராகவே வராது. 99,800-இல் இப்படிச் சில ஒளிந்திருந்தால் ஆர்ஓசியின் படுத்த அச்சில் சலனமே இருக்காது. பிஆரின் உச்சியிலோ பலமாக அடிக்கும். காரணம், நல்ல மாடல் அவற்றைத்தான் உச்சிக்குக் கொண்டுவந்திருக்கும்.

அ மாடலின் முதல் 50 எச்சரிக்கையில் 10 வீண் என்று அட்டவணை சொல்கிறது. அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாகத் திறங்கள். அவற்றில் ஐந்து உண்மையில் மோசடி, குறிப்பு மட்டும் இன்னும் வரவில்லை என்று தெரிந்தால் அங்கே பிரிசிஷன் 80 அல்ல, 90. டெஸ்ட் காலம் மிக அண்மையில் முடிந்திருந்தால் இந்த வாய்ப்பு அதிகம். புகார்கள் வந்து சேரப் போதிய நாள் விட்டு டெஸ்ட் காலத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

திருத்திய குறிப்புகளை வைத்து மதிப்பிடும்போது இரண்டு மாடலின் உச்சியையும் ஒரே அளவு திறந்திருக்க வேண்டும். அ-வின் பத்தை மட்டும் திருத்தி, ஆ-வின் அறுபதைத் தொடாமல் விட்டால், அ-வுக்கு நாமே மதிப்பெண் போட்டதாகிவிடும். இரண்டின் முதல் நூறையும் ஒன்றாகக் கலந்து, எது எந்த மாடலிடமிருந்து வந்தது என்று சொல்லாமல் சரிபார்ப்பவரிடம் கொடுங்கள். அவர் குறித்துத் தந்தபின் 4-ஆம் படிக்குத் திரும்பி அட்டவணையை மறுபடி போடுங்கள்.